1.5 ஜிபி டேட்டா 64 ஜிபி பென் டிரைவில் அடங்காதா?

கும்பகோணத்தான்: மேப் துண்டுப் படங்கள் 5 லட்சம் இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் 3 கேபி, மொத்தமே 1.5 ஜிபிதான். லேப்டாப்ல சிக்கலே இல்ல. புது 64 ஜிபி பென் டிரைவ்ல (exFAT) காப்பி பண்ணா 4,70,000 தாண்டினதும் இடமில்லைங்குது. டிரைவ் போலியா?

பைட்ராஜா: போலியேதான். தலையில மிளகா அரைச்சிட்டாங்க. ஃபைலுக்கு இடம் ஒதுக்குற துண்டு இருக்கே, அந்தக் கிளஸ்டர்ல வீணாகுதுன்னு இப்ப ஒருத்தர் கிளம்பி வருவார், நம்பாதீங்க. ஃபைலுக்குச் சராசரியா பாதி கிளஸ்டர்தான் வீணாகும். 128 கேபில பாதி 64. 5 லட்சத்துக்கும் சேர்த்து 30 சொச்சம் ஜிபி. மீதி எங்க போச்சு?

வன்தட்டு வாத்தியார்: கிளம்பி வந்துட்டேன். கிளஸ்டரைவிடப் பல மடங்கு பெரிய ஃபைலா இருந்தா அந்தப் பாதிக் கணக்கு சரி. அங்க கடைசி கிளஸ்டர் மட்டும்தான் அரைகுறையா நிக்கும். இங்க ஃபைலே 3 கேபி. ஒரு கிளஸ்டரை ரெண்டு ஃபைல் பங்கு போட்டுக்க முடியாது, அதனால 125 கேபி சும்மா கிடக்கும்.

32 ஜிபிக்கு மேல போனா exFAT-க்கு விண்டோஸ் தானாவே 128 கேபி வைக்குது. லேப்டாப் NTFS-ல அது 4 கேபி, அதான் அங்க உறைக்கல. 64-னு விக்கிற டிரைவ்ல விண்டோஸ் காட்டுறது 58 சொச்சம். ஜிபிக்கு 8,192 கிளஸ்டர். 58-ஆல பெருக்குங்க: 4,75,136. அவர் நின்ன இடமும் அதுதானே?

பைட்ராஜா: சராசரி பாதி. புத்தகத்துலயே இருக்கு. அதென்ன, 64-க்குக் காசு வாங்கிட்டு 58 தர்றது? அது திருட்டு இல்லையா?

வன்தட்டு வாத்தியார்: கம்பெனி 1000-ல எண்ணுது, விண்டோஸ் 1024-ல எண்ணுது. போன மாசமும் இதுக்குத்தான் சண்டை போட்டீங்க.

நெல்லை லினக்ஸ்: எனக்கும் இதே கதைதான்! மெயில் சர்வர்ல பாதி டிஸ்க் காலி, ஆனா `No space left on device`. `df -i` பார்த்தா ஃபைலுக்கு ஒண்ணா செலவாகுற ஐநோடு 100%. விண்டோஸை விட்டுத் தொலைங்கப்பா.

வன்தட்டு வாத்தியார்: அண்ணே, அது வேற நோய். உங்களுக்கு இடம் இருந்தது, ஐநோடு தீர்ந்துபோச்சு. இவருக்கு இடமே தீர்ந்துபோச்சு. தம்பி, டிரைவ்ல உள்ள ஃபோல்டரோட ப்ராப்பர்ட்டீஸ்ல `Size`, `Size on disk` ரெண்டையும் பாருங்க. `chkdsk E:` போட்டா 131072 bytes in each allocation unit-னு வரும். உள்ள இருக்கறது அழிஞ்சா பரவாயில்லைன்னா:

```
format E: /FS:exFAT /A:4096
```

அப்புறம் 2 ஜிபிக்குள்ள அடங்கிடும். இல்லைன்னா எல்லாத்தையும் ஒரே ஜிப்பா கட்டிடுங்க.

கும்பகோணத்தான்: Size 1.4, Size on disk 58-க்கு மேல காட்டுது. ஜிப் ஆகாது, மேப் ஆப் தனித்தனி ஃபைலாத்தான் கேக்குது. 4 கேபி வச்சா டிவில வீடியோ ஓடுமா?

நெல்லை லினக்ஸ்: டிவிக்கு உள்ளயும் லினக்ஸ்தான் ஓடுது, தெரியுமா?

பைட்ராஜா: 58 வந்ததே தற்செயல். பாதிதான் வீணாகும். வாத்தியார் முதல்ல சராசரின்னா என்னன்னு படிச்சிட்டு வரட்டும்.

வன்தட்டு வாத்தியார்: 3 கேபி ஃபைல் 64 கேபியை எப்படி நிரப்பும்னு மட்டும் சொல்லுங்க. மூணாவது தடவையா கேக்கறேன்.

பைட்ராஜா: முதல் தடவைதான். எண்ணத் தெரியாதவர்கிட்ட என்ன பேச?