‘பேஸ்லைன்’, ‘வேரியன்ஸ்’: என்ன சொல்லலாம்?

பேச்சிமுத்து:

அனைவருக்கும் வணக்கம். கட்டட வேலைத்தள மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று ‘பேஸ்லைன்’. என்ன வேலை, எத்தனை நாளில், எவ்வளவு செலவில் என்று மூன்றையும் முடிவுசெய்து, ஒப்புதல் வாங்கி, இனி இதை வைத்துத்தான் அளப்போம் என்று நிறுத்திவைக்கும் திட்டம். இன்னொன்று ‘வேரியன்ஸ்’. நடப்பு அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது.

முதலாவதற்கு ‘அடிக்கோடு’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த பையன், “எதுக்கு அண்ணே அடிக்கோடு போடணும்?” என்று கேட்டான். பேனாவை எடுத்துவிட்டான்! ‘அடிப்படைத் திட்டம்’ என்றால் தொடக்கநிலைத் திட்டம் என்று தோன்றுகிறது. இரண்டாவதற்கு ‘விலக்கம்’ என்று யோசித்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

சாந்தி டீச்சர்:

தம்பி, ‘விலக்கம்’ வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘திட்ட விலக்கம்’ படிக்காத பிள்ளை கிடையாது. அங்கே ‘திட்ட’ என்பதற்கும் ப்ராஜெக்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் ஒரு திட்டத்தின் விலக்கத்தை எழுதினால் படிக்கிறவன் சராசரியைக் கண்டுபிடித்து, வித்தியாசத்தை வர்க்கப்படுத்த உட்கார்ந்துவிடுவான்.

புள்ளியியலில் வேரியன்ஸுக்கு ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே? ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ் எதற்கு?

ஆவுடையப்பன்:

டீச்சர் முதல் பாதியில் சொன்னது சரி, இரண்டாம் பாதி சரிவராது. இங்கே வர்க்கமும் இல்லை, சராசரியும் இல்லை. வெறும் கழித்தல்தான். ‘விலகல்’ என்றே சொல்லலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று ஆகிவிடாது.

பேச்சிமுத்து, சொல்லைத் தேடுவதற்கு முன் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம். கங்கைகொண்டானுக்கு வடக்கே 500 மீட்டர் சுற்றுச்சுவர் என்று வை. மீட்டருக்கு 8,000 ரூபாய், மொத்தம் 40 லட்சம். மாதம் 100 மீட்டர், ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். அஸ்திவாரம் 3 அடி ஆழம். இவ்வளவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மூன்று மாதம் ஆகிறது. செலவு 22.5 லட்சம். திட்டப்படி 24 லட்சம் ஆகியிருக்க வேண்டும். ஆபீஸில் இருப்பவர் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்து “ஒன்றரை லட்சம் மிச்சம்” என்று சந்தோஷப்படுவார். தளத்தில் எடுத்த அளவுகளை எழுதிவைக்கும் எம்-புக்கைத் திறந்து பார்த்தால் எழும்பியிருக்கும் சுவர் 225 மீட்டர்தான். திட்ட விலைப்படி அதன் மதிப்பு 18 லட்சம். 18 லட்சத்துக்கான வேலைக்கு 22.5 லட்சம் போயிருக்கிறது. மிச்சம் எங்கே இருக்கிறது? நாலரை லட்சம் கைவிட்டுப் போயிருக்கிறது.

அதனால் எனக்கு முதலில் தமிழில் வேண்டியது நடுவில் இருக்கும் அந்த 18 லட்சத்துக்கு ஒரு பெயர். ‘ஈட்டிய மதிப்பு’ என்று சொல்லலாம். அது இல்லாமல் திட்டச் செலவையும் ஆன செலவையும் நேருக்கு நேர் வைத்துக் கழிக்கிற கையேடு எதையும் நான் மேற்பார்வையாளர் கையில் கொடுக்க மாட்டேன்.

சுடலைமணி:

அண்ணாச்சி, நான் இந்தத் துறை இல்லை. வள்ளியூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். எஸ்டிமேட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. காண்டிராக்டரைக் கேட்டால் “நீங்கதானே மாடியில ஒரு ரூம் கூடப் போடச் சொன்னீங்க” என்கிறார். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு எவ்வளவு என்று அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எது ரூமுக்கான செலவு, எது விலையேற்றம், எது அவர் லாபம் என்று ஒன்றும் புரியவில்லை. இதற்கும் உங்கள் ‘விலகல்’தான் பெயரா?

ஆவுடையப்பன்:

சுடலை, நீ கேட்பதுதான் இந்த விஷயத்தில் கஷ்டமான இடம். அதே சுவரிலேயே காட்டுகிறேன்.

நாலரை லட்சம் ஏன் கூடியது? எம்-புக்கில் ஒவ்வொரு துண்டாக அஸ்திவார ஆழத்தைப் பார்த்தால், நடுவில் 60 மீட்டருக்கு 5 அடி தோண்டியிருக்கிறார்கள். மற்ற இடம் சரள், அங்கே மட்டும் கரிசல். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். 3 அடியில் நிறுத்தியிருந்தால் சுவர் கீறிவிடும். தோண்டியது நியாயம்தான். ஆனால் அந்த 2 அடி ஒப்புக்கொண்ட வேலையில் இல்லை. அதற்கு 3 லட்சம். மீதி ஒன்றரை லட்சம் எம்-சாண்ட் விலையும் கொத்தனார் கூலியும் ஏறியதால் வந்தது.

இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 22.5 லட்சத்துக்கு 18 லட்சம் வேலை, அதாவது ரூபாய்க்கு 80 காசு. இதே வேகத்தில் போனால் 40 லட்சம் வேலைக்கு 50 லட்சம் ஆகும் என்று மேலே எழுதிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. கரிசல் 3 லட்சம் ஒரு தடவை வந்த செலவு, மீதி நீளம் சரள் என்று குழி தோண்டிப் பார்த்துவிட்டோம் என்று வை. அதை ஒதுக்கினால் 19.5 லட்சத்துக்கு 18 லட்சம் வேலை. பாக்கி 275 மீட்டருக்குத் திட்டத்தில் 22 லட்சம், விலையேற்றத்தோடு 23.8 லட்சம். ஏற்கெனவே போன 22.5 லட்சத்தைச் சேர்த்தால் 46.3 லட்சம். 50 லட்சம் என்று பயந்து வேலையை நிறுத்துவதற்கும், 46.3 லட்சத்துக்குப் பணம் புரட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குழி தோண்டிப் பார்க்காவிட்டால் இந்த இரண்டாவது கணக்கும் ஊகம்தான்.

அந்த 2 அடியை முறையாக எழுதி ஒப்புதல் வாங்கினால் திட்டம் 43 லட்சமாகும். ஈட்டிய மதிப்பும் 21 லட்சமாகும். விலகல் ஒன்றரை லட்சமாகச் சுருங்கும். உன் மாடி ரூமையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது விலகலே இல்லை, வேலை மாற்றம். இப்போது அந்த ரூமுக்கு மட்டும் தனியாக அளவெடுத்து விலை போட்டுப் பார், வேறு வழியில்லை.

ஜெபா:

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் திட்டத்தை மாற்றிக்கொண்டே போனால் விலகலே வராதே சார்? எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் இது சகஜம். தேதி தவறும்போதெல்லாம் புதிதாக ஒரு பேஸ்லைன் போட்டுவிடுவார்கள். அறிக்கை எப்போதும் பச்சையாகவே இருக்கும், பொருள் மட்டும் வராது.

ஆவுடையப்பன்:

அங்கேதான் கட்டுப்பாடு வேண்டும். வேலையே மாறினால் திட்டத்தை மாற்று. வேலை மாறாமல் நாம் தாமதமானால் மாற்றாதே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெய்த மழை மாதிரி வந்தால், கட்டியது அடித்துக்கொண்டு போயிருக்கும், செங்கல் கிடைக்காது, பழைய திட்டத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அப்போது புதிதாகப் போடலாம். பழையதை அழிக்கக் கூடாது.

ஜெபா:

திட்டமிட உதவும் எம்எஸ் ப்ராஜெக்ட் மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது. `Set Baseline` கொடுத்தால் `Baseline` தொடங்கி `Baseline 10` வரை 11 வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் முதலாவதின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிவிடுகிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘ஒப்புத்திட்டம்’ எப்படி? ஒப்புக்கொண்ட திட்டம், ஒப்பிடுவதற்கான திட்டம். இரண்டு பொருளும் அதிலேயே வந்துவிடுகிறது.

சுடலைமணி:

சொல் நன்றாக இருக்கிறது ஜெபா. ஆனால் எங்கள் ஊரில் ‘ஒப்புக்கு’ என்றால் பேருக்கு என்று அர்த்தம். ஒப்புக்குத் திட்டம் போட்டதால்தான் என் வீடு இந்த நிலையில் நிற்கிறது.

சாந்தி டீச்சர்:

சிரித்துவிட்டேன். ஆனாலும் எனக்கு ஜெபாவின் சொல் பிடித்திருக்கிறது. ‘ஒப்புக்கு’ வேறு, ‘ஒப்பு’ வேறு. வேரியன்ஸுக்கு ‘விலகல்’ என்று வைத்தால் பாடநூல் சொல்லோடு மோதாது.

இன்னொரு சந்தேகம். பேச்சிமுத்து எனக்குத் தனியாக அனுப்பிய வரைவில் ‘கால விலகல்: −6 லட்சம்’ என்று இருந்தது. காலம் எப்படி ரூபாயில் வரும்?

ஆவுடையப்பன்:

நல்ல கேள்வி டீச்சர். ‘ஷெட்யூல் வேரியன்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரே அப்படித்தான் குழப்புகிறது. ஈட்டிய மதிப்பு 18, அன்றைக்குத் திட்டமிட்ட மதிப்பு 24, வித்தியாசம் −6 லட்சம். அது காலம் அல்ல, செய்யாமல் விட்ட 75 மீட்டர் வேலையின் விலை. இன்னொரு கோளாறும் உண்டு. சுவர் ஐந்து மாதத்துக்குப் பதில் எட்டு மாதத்தில் முடிந்தாலும், முடிந்த அன்று ஈட்டியது 40, திட்டமிட்டது 40, விலகல் பூஜ்யம். மூன்று மாதம் தாமதம், கணக்கில் ஒன்றுமில்லை! வேலை கடைசிப் பகுதிக்கு வரும்போது இந்த எண்ணை நம்பவே கூடாது.

இதைச் சரிசெய்யத் திட்ட மேலாண்மை நிபுணர் வால்ட் லிப்கே 2003இல் ஒரு வழி சொன்னார். 225 மீட்டர் திட்டப்படி எப்போது முடிந்திருக்க வேண்டும்? இரண்டேகால் மாதத்தில். ஆனது மூன்று மாதம். முக்கால் மாதம் பின்தங்கியிருக்கிறோம். இது கடைசிவரை பொய் சொல்லாது. அதனால் நான் சொல்வது: ரூபாயில் வருவதை ‘வேலை விலகல்’ என்றும், நாளில் வருவதை மட்டும் ‘கால விலகல்’ என்றும் வைப்போம். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பேச்சிமுத்து:

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்:

```
வேலை விலகல் = ஈட்டிய மதிப்பு − திட்டமிட்ட மதிப்பு
செலவு விலகல் = ஈட்டிய மதிப்பு − ஆன செலவு
```

பேஸ்லைனுக்கு இப்போதைக்கு ‘ஒப்புத்திட்டம்’. சுடலை அண்ணன் ஆட்சேபணையையும் குறித்துக்கொண்டேன். வேறு நல்ல சொல் வந்தால் மாற்றலாம்.

ஜெபா:

ஒன்று கவனியுங்கள். உங்கள் வாய்பாட்டில் கழித்தல் குறி வந்தால் செலவு கூடிவிட்டது என்று பொருள். எம்எஸ் ப்ராஜெக்டில் `CV` என்ற பத்தியும் அப்படித்தான். ஆனால் அதே மென்பொருளில் `Cost Variance` என்று இன்னொரு பத்தி இருக்கிறது. அது இப்போதைய மொத்தச் செலவிலிருந்து ஒப்புத்திட்டச் செலவைக் கழிக்கிறது. அங்கே கூட்டல் வந்தால்தான் செலவு கூடியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று + காட்டும், ஒன்று − காட்டும். இரண்டையும் ‘செலவு விலகல்’ என்று எழுதினால் பையன்கள் தலைகீழாகப் படிப்பார்கள்.

சாந்தி டீச்சர்:

குறியே வேண்டாம், ‘மிகை’, ‘குறை’ என்று எழுத்தில் போடுங்கள் என்பேன். ஆனால் செலவில் மிகை கெட்டது, வேலையில் மிகை நல்லது. அதுவும் உதைக்கிறது.

ஆவுடையப்பன்:

இரண்டாவது பத்திக்கு ‘ஒப்புச்செலவு மிகை’ என்று வைத்துப் பார்க்கலாமா? எனக்கே முழுத் திருப்தி இல்லை. மின்வாரியத்திலோ கப்பல் தளத்திலோ வேலை பார்க்கிறவர்கள் குழுவில் இருந்தால் அவர்கள் தளத்தில் வாயால் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.