கலைச்சொல் விவாதம்: பெட்டியில் வரும் சைக்கிளுக்குப் ‘பூட்டுநிலை’ சரியா?

கொழிஞ்சாம்பாறை, சைக்கிள் கடை

வணக்கம். எங்கள் கடைக்குத் தமிழில் ஒரு பட்டியல் தயார் செய்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் இந்தப் பக்கம் தமிழில் படிக்கிறவர்கள் நிறைய. முதல்முறை சைக்கிள் வாங்குகிறவர்கள் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் நாலு விவரம். பிரேம் அளவு, ஓட்டுபவர் உயரம், டயர் வகை என்று மூன்றுக்குச் சொல் கிடைத்துவிட்டது. நாலாவது, பெட்டியில் வரும் வண்டி எவ்வளவு தூரம் மாட்டப்பட்டு வருகிறது என்பது. கம்பெனிக்காரர்கள் ‘85 சதவீதம் அசெம்பிள்ட்’ என்று போடுகிறார்கள்.

ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், அதனால் ‘பூட்டுநிலை’ என்று எழுதினேன். முதல் ஆளாக வண்ணாமடையிலிருந்து வந்த அக்கா படித்துவிட்டு, “85 சதவீதம் பூட்டுன்னா, பூட்டு ஃப்ரீயா தர்றீங்களா?” என்று கேட்டார். மலையாளத்திலும் பூட்டு என்றால் அதே பூட்டுதான். வேறு சொல் வேண்டும்.

செங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது. பொருத்துதல். ‘பொருத்தநிலை: 85 விழுக்காடு’ என்று போடுங்கள். மீதி 15 விழுக்காடு சின்ன வேலைதானே, வாங்குகிறவர் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பொள்ளாச்சி, மெக்கானிக்

ஐயா, சொல் நல்ல சொல். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் ‘ஓட்டுபவர் உயரம்’ இருக்கிறது. அதையடுத்து ‘பொருத்தம் 85’ என்று படித்தால், இந்த வண்டி என் உயரத்துக்கு 85 பங்கு பொருந்தும் என்றுதான் நினைப்பார்கள். ஜாதகம் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அதைவிட எனக்கு உறுத்துவது அந்த 15 சதவீதம். பின்சக்கரம், செயின், கியர், பிரேக் கேபிள் எல்லாம் மாட்டித்தான் வரும். மிச்சம் இருப்பது முன்சக்கரம், ஹேண்டில், சீட், பெடல். எண்ணிக்கையில் நாலு. ஆனால் ஆள் விழுவதும், பெடலைத் தாங்கும் கிராங்க் வீணாவதும் அந்த நாலில்தான்.

போன மாதம் ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இடது பெடல் சாய்ந்து நின்றது. வீட்டில் அப்பா மாட்டினாராம். வலது பெடல் வலப்பக்கம் சுற்றி ஏறியது, அதே மாதிரி இடதும் ஏறும் என்று நினைத்திருக்கிறார். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். ஏறாததால் பெரிய ஸ்பேனர் போட்டு அழுத்தியிருக்கிறார். பெடல் தண்டு இரும்பு, கிராங்க் அலுமினியம். இரும்பு அலுமினிய மரையைச் சிதைத்துக் கோணலாகச் சிக்கிக்கொண்டது. ஒரு வாரம் ஓட்டியதும் ஆட ஆரம்பித்திருக்கிறது. கிராங்க் கையையே மாற்ற வேண்டியதாயிற்று.

பெடலில் ‘எல்’, ‘ஆர்’ என்று குத்தியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அது. அப்புறம் விரலாலேயே மூன்று நாலு சுற்று இலகுவாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோணல், கழற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதன் பிறகுதான் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஸ்பேனர் பிடியை மேலே நிறுத்தி முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் முடுக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ள அது போதும்.

முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கிலும் இதே கதைதான். பெட்டியில் இடம் மிச்சப்படுத்த அதைத் திருப்பி வைத்திருப்பார்கள். அப்படியே சக்கரத்தை மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் பிரேக் முன்னே பார்க்க வேண்டும். பிரேமைப் பார்த்து நின்றால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் எவ்வளவு முடிந்தது என்பதற்குச் சொல் தேடாமல், என்ன முடியவில்லை என்பதற்குத் தேடுவோம். ‘மிச்ச வேலை’ என்று போட்டால் என்ன?

நகரி, புதிய உறுப்பினர்

நான் சித்தூர் ஜில்லா, தெலுங்குக்கு நடுவில் தமிழ். அண்ணா, என் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். பையன் 5 அடி 4 அங்குலம். 26 என்று போட்ட வண்டி வாங்கினேன், பாரில் இடிக்கிறது என்கிறான். தெருவில் இன்னொரு பையனும் 26 வைத்திருக்கிறான், அவனுக்குச் சரியாக இருக்கிறது. ஒரே பிரேம் அளவு எப்படி இரண்டு மாதிரி இருக்கும்?

பொள்ளாச்சி, மெக்கானிக்

நீங்கள் கேட்டது வேறு விஷயம், ஆனாலும் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 26 பிரேம் அளவே இல்லை, சக்கரத்தின் அளவு. பிரேம் அளவு என்பது பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் நுனி வரை. 26 சக்கரத்தோடு 16 அங்குலப் பிரேமும் வரும், 18-உம் வரும். உங்கள் பையனிடம் இருப்பது 18 ஆக இருக்கலாம், டேப் வைத்து அளந்து பாருங்கள். செருப்புப் போட்டு, பாருக்கு இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்கூட இடைவெளி இல்லை என்றால் வண்டி பெரியது. சீட்டை இறக்கினாலும் பார் இறங்காது.

கொழிஞ்சாம்பாறை, சைக்கிள் கடை

இதனால்தான் இரண்டு எண்ணையும் ஒரே வரியில் போடக் கூடாது என்று இப்போது புரிகிறது. இப்படி மாற்றியிருக்கிறேன்:

பிரேம்: 16 அங்குலம்
சக்கரம்: 26 அங்குலம்
ஓட்டுபவர் உயரம்: சுமார் 5 அடி 3 முதல் 5 அடி 7 வரை
டயர்: பட்டன் டயர், டியூப் உண்டு
மிச்ச வேலை: முன்சக்கரம், ஹேண்டில், சீட், பெடல். 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும்

உயரத்துக்கு ‘சுமார்’ போட்டது வேண்டுமென்றே. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் ஒன்றாக இருக்காது.

செங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பூட்டு, பொருத்தம் இரண்டும் போனது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மிச்ச வேலை’ கலைச்சொல்லா? ‘எஞ்சுபணி’ என்று சொன்னால் சுருக்கமாகவும் இருக்கும், தமிழாகவும் இருக்கும்.

பொள்ளாச்சி, மெக்கானிக்

எஞ்சுபணி என்று எங்கள் பட்டறையில் சொன்னால் இஞ்சின் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள், ஐயா.

கொழிஞ்சாம்பாறை, சைக்கிள் கடை

எனக்கு வேறு சிக்கல். இங்கே மலையாளம் பேசுகிறவர்களும் பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மலையாளத்தில் மிச்சம் என்றால் உபரி. தேவைக்கு மேல் இருப்பது. மிச்சபூமி என்றால் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம். ‘மிச்ச வேலை’ என்றால் அவர்களுக்கு வேண்டாத வேலை மாதிரி கேட்கிறது. ‘பாக்கி வேலை’ இரண்டு பாஷைக்கும் ஒத்துப்போகும். ஆனால் கடையில் பாக்கி என்று எழுதினால் கடனா என்று கேட்பார்களே!

நகரி, புதிய உறுப்பினர்

அளந்தேன் அண்ணா, 18 தான். எங்கள் பக்கம் தெலுங்கிலும் பாக்கி உண்டு, அதுவும் கடன்தான். ஆனால் பின்னால் ‘வேலை’ வந்துவிட்டால் யாரும் கடன் என்று நினைக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

கொழிஞ்சாம்பாறை, சைக்கிள் கடை

சரி, ஒரு மாதம் ‘பாக்கி வேலை’ போட்டுப் பார்க்கிறேன். வண்ணாமடை அக்கா வந்தால் முதலில் அவரிடம் காட்டுகிறேன். ஐயா, முழுக்க மாட்டித் தரும் வண்டிக்கு ‘பாக்கி வேலை: இல்லை’ என்று எழுதலாம்தானே?

பொள்ளாச்சி, மெக்கானிக்

எழுதாதீர்கள், தம்பி. லாரியில் வந்த வண்டிக்குப் பிரேக் மறுபடி பார்க்க வேண்டும், ரிம்மில் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு என்ன போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.