அத்தையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

நான் கத்தாரில் வேலை பார்க்கிறேன். சிவகங்கைப் பக்கம் ஊரில் என் அத்தையின் கணவர் காலமானார். காலையில் தகவல் வந்தது, அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அப்பா இல்லாததால் அத்தைக்குப் பிறந்த வீட்டுக் கோடி நான்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். சித்தப்பா மகன் போட்டான். முறை நடந்துவிட்டது, ஆனால் அண்ணன் மகன் எங்கே என்று அத்தையின் கண் தேடியிருக்கும்.

போனில் அத்தை "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப எழுதி வைத்திருக்கிறேன்:

"அத்தை, மாமாவைக் கடைசியா பார்க்க நான் வரல. கோடி எடுத்துட்டு உங்க பக்கத்துல நின்னிருக்கணும், நிக்கல. என்னை மன்னிச்சிடுங்க. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல."

முதலில் டிக்கெட், லீவு எல்லாம் எழுதியிருந்தேன். படித்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். "உங்களுக்கே தெரியும்ல" என்பதையும் நீக்கினேன். அது மன்னிப்பை அவரிடமிருந்து பிடுங்குவது போல.

கேள்வி இரண்டுதான். பதினாறாம் நாளுக்கு லீவு கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே இதை அனுப்பலாமா, நேரில் துக்கம் கேட்கும்போதே சொல்வதா? காரிய வீட்டுக் கூட்டத்தில் சொன்னால் அத்தை எல்லார் முன்னாலும் "பரவாயில்ல" என்று சொல்ல வேண்டிவரும். அப்புறம், காரியச் செலவுக்கு இப்போதே பணம் அனுப்பினால் கணக்குத் தீர்ப்பதாகத் தோன்றுமா? அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.