புதுப்பிப்பு: இரு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு −32/3 என வந்த கணக்கு

என் கேள்வி: "y = x³ − 2x², y = 3x ஆகியவற்றால் அடைபடும் பரப்புக்கு −1 முதல் 3 வரை தொகையிட்டால் −32/3 வருகிறது; எல்லையை எங்கே பிரிப்பது, எது மேலே என்று எப்படி அறிவது?"

உதவிய அனைவருக்கும் நன்றி. சரியான விடை 71/6.

வேறுபாட்டைக் காரணிப்படுத்தச் சொன்ன ஆசிரியரின் வழியே பலித்தது. x³ − 2x² − 3x = x(x + 1)(x − 3) என்பதால் வெட்டும் இடங்கள் −1, 0, 3; இடையில் உள்ள 0 எனக்குப் பிரிக்கும் எல்லையாயிற்று. x = −1/2 இல் வேறுபாடு நேர்க்குறி, ஆகவே அங்கு முப்படி வளைவரை மேலே; x = 1 இல் அது −4, ஆகவே அங்கு நேர்க்கோடு மேலே. இரு துண்டுகளும் முறையே 7/12, 45/4.

குறியை நீக்கினால் போதும் என்ற நண்பரின் யோசனை ஒரே துண்டு உள்ள கணக்குகளுக்குப் பொருந்தும். இங்கு அது தரும் 32/3 உண்மைப் பரப்பைவிட 7/6 குறைவு. அந்தக் குறைவு சிறிய துண்டின் சரியாக இருமடங்காக இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை: கூட்டவேண்டியதைக் கழித்ததன் விளைவு அது.



பின்னர் முயன்ற y = x³, y = 3x − 2 கணக்கில் வேறுபாடு (x − 1)²(x + 2); x = 1 இல் கோடு வளைவரையைத் தொடுகிறதே தவிர மேல்கீழ் மாறுவதில்லை. காரணிப்படாத சமன்பாடுகளில் எல்லைகளைக் கையால் காண்பது எப்படி என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.