பாஸ்வேர்டு மறந்த அப்பாவும், உடனே திரும்பி அழைத்த ‘கஸ்டமர் கேர்’காரரும்: உங்களுக்கும் நடந்ததா?

வடக்குவாசல்

அப்பா நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தப்புத் தப்பாகப் போட்டதில் லாகின் லாக் ஆகிவிட்டது. என்னிடம் சொல்லாமல் அவரே வங்கிப் பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்துத் தேடி, மேலே வந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லையாம், ஆனால் சற்று நேரத்திலேயே வேறொரு மொபைல் எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நான் அறைக்குள் போனபோது ஸ்பீக்கரில் ஒருவர், “ஐயா, அவசரமே இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிங்க, நான் லைனில்தான் இருக்கிறேன்” என்று அத்தனை பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கவுண்ட் எண், கார்டின் 16 இலக்கம், எக்ஸ்பைரி எல்லாம் போய்விட்டது. அடுத்து, “இப்போ ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். வந்தது. ஃபோனைப் பிடுங்கி மெசேஜைத் திறந்தால், மாதாமாதம் பென்ஷன் வரவு வரும் அதே பெயரில், அந்தப் பழைய மெசேஜ்களுக்கு நேர் கீழே, நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான ஓடிபி, யாரிடமும் பகிர வேண்டாம் என்று இருக்கிறது. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை. “மெசேஜ் வங்கியிலிருந்துதானே வந்தது, அப்போ பேசினவரும் வங்கி ஆள்தானே, நீ ஏன் கட் பண்ணினே?” என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய கவுண்டர்

கிளையில் உட்கார்ந்திருந்த காலத்தில் உங்கள் அப்பா கேட்ட இதே கேள்வியை நிறைய பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த ஓடிபி அசல்தான். வங்கியின் கம்ப்யூட்டர்தான் அனுப்பியது. அனுப்பச் சொல்லிக் கேட்டவர்தான் வேறு ஆள். வங்கியின் லாகின் பக்கத்தில் Forgot Password என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அப்பா ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுக்கக் கொடுக்க அந்த ஆள் அங்கே அதே பக்கத்தில் டைப் செய்துகொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி போகும், அது ஒன்றுதான் அவர் கைக்கு எட்டாதது, அதனால்தான் அவ்வளவு பொறுமை. ஓடிபி வந்தது என்பதற்கு அர்த்தம், யாரோ இந்த நிமிடம் உங்கள் கணக்கில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்பது மட்டும்தான். ஃபோனில் பேசுகிறவர் யார் என்று அது சொல்லாது.

அப்பாவுக்கு இதைக் காட்ட ஒரு வழி உண்டு. அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, முகவரியை நீங்களே டைப் செய்து வங்கியின் பக்கத்துக்குப் போய், அதே Forgot Password-ஐ அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். யூசர் ஐடியோ கஸ்டமர் எண்ணோ கேட்கும், கஸ்டமர் எண் பெரும்பாலும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். அப்புறம் அக்கவுண்ட் எண், மொபைல் எண், ஓடிபி. அதற்கு மேல் சில வங்கிகளில் கார்டு எண்ணும் எக்ஸ்பைரியும் போதும், சிலவற்றில் ஏடிஎம் பின்னும் வேண்டும். கார்டே இல்லாதவர் கிளைக்குப் போகவேண்டி வரலாம். இதில் எந்த இடத்திலும் ஒரு மனிதர் பேசுவதில்லை. அதே வாசகத்தோடு அதே ஓடிபி மறுபடி வரும்போது அவருக்கே விளங்கிவிடும். லாக் இன்னும் விலகவில்லை என்றால் மட்டும் ஒரு நாள் பொறுங்கள், திரும்பத் திரும்ப முயன்றால் லாக் நீளத்தான் செய்யும்.

சிவப்பு_சைக்கிள்

எனக்கு நடந்தது ஏடிஎம் வாசலில். மூன்று தடவை பின் தப்பு, கார்டு பிளாக். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று வங்கி லோகோவோடு ஒரு ஸ்டிக்கர், 10 இலக்க மொபைல் எண். அடிக்கத்தான் போனேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை பிரிந்து சுருண்டிருந்தது, அதற்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் தெரிந்தது, நகத்தால் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் அதில் 1800-ல் தொடங்கும் எண். கார்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் அதே 1800 எண். அசல் எண்ணை மறைத்து மேலே ஒட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஏடிஎம் உள்ளே போனால் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன்.

இதெல்லாம் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கையான விஷயம், பின் பிளாக் ஆனால் 24 மணி நேரத்தில் தானாகத் திறந்துவிடும். எல்லா வங்கியிலும் அப்படித்தான். அப்புறம் @வடக்குவாசல், பயப்படவே வேண்டாம், பணம் போயிருந்தாலும் 3 நாளுக்குள் புகார் கொடுத்தால் வங்கி முழுசாகத் திருப்பித் தரணும், ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

பழைய கவுண்டர்

@சிவப்பு_சைக்கிள் தம்பி, அந்த விதியைப் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள், இந்தப் பாதியை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கை அது. தப்பு வங்கிமீதும் இல்லை, வாடிக்கையாளர்மீதும் இல்லை, நடுவில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் நேரம்வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான். தகவல் கொடுத்த பிறகு போகும் பணம்தான் வங்கியின் பொறுப்பு. அதனால் மூன்று நாள் இருக்கிறதே என்று உட்காரக் கூடாது. வங்கியின் 1800 எண்ணில் சொல்லி, புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எஸ்எம்எஸ்ஸின் நேரம்தான் பிறகு சாட்சி. அடுத்த கையோடு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் அடியுங்கள்.

பின் விஷயமும் அப்படியே. பல வங்கிகளில் மறுநாள் தானாக விலகும், எல்லாவற்றிலும் என்று சொல்ல முடியாது. மறந்துபோன பின் என்றால் விலகி என்ன பயன், மறுபடி அதே தப்பைத்தானே போடுவோம். சொந்த வங்கியின் ஏடிஎம்மில் கார்டைப் போட்டு, பின் உருவாக்கு என்ற தேர்வை அழுத்தினால் மொபைலுக்கு ஓடிபி வரும், அங்கேயே புதுப் பின் வைத்துக்கொள்ளலாம்.

நிலா_அக்கா

பின் என்றதும் ஞாபகம் வந்தது, என் யுபிஐ பின் மறந்துவிட்டது, அதற்கும் ஏடிஎம்முக்குத்தான் போகணுமா? என் பிரச்சினை என்னவென்றால் வங்கியில் கொடுத்திருந்த பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன், அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஒருநாள் அடித்துப் பார்த்தேன், ஒரு குழந்தை எடுத்து “யாரு?” என்றது. என் பேலன்ஸ் மெசேஜ் எல்லாம் அந்த வீட்டுக்குப் போகிறது என்று நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

தறிக்காரர்

@நிலா_அக்கா யுபிஐ பின்னுக்கு ஏடிஎம் போக வேண்டாம், ஆப்பிலேயே டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் எக்ஸ்பைரியும் கொடுத்து மாற்றலாம், ஆனால் வங்கியில் பதிவான சிம் அந்த ஃபோனிலேயே இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லாததால் முதலில் எண்ணை மாற்றுங்கள், கார்டோடும் அடையாள ஆவணத்தோடும் கிளைக்குப் போவதுதான் நேர் வழி. இதைத் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அதைக் கேட்டு இணையத்தில் எண் மாற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

என் சொந்தக் கதை சின்னது. அழைத்தவன் ஓடிபியே கேட்கவில்லை. “நீங்க யாரிடமும் ஓடிபி சொல்லாதீங்க சார், நாங்களே கேட்க மாட்டோம்” என்றான், எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் “லாக் விலக *401* போட்டு நான் சொல்ற எண்ணை அடிங்க” என்றான். என் தங்கை பக்கத்திலிருந்து, அது கால் ஃபார்வர்டு கோடு, வைங்க ஃபோனை என்று கத்தினாள். அதை அடித்திருந்தால் என் அழைப்பெல்லாம் அவனுக்குப் போயிருக்கும், ஓடிபியை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் குரலில் கேட்டு வாங்கியிருப்பான். 2024 ஏப்ரல் நடுவிலிருந்து இந்த வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது, அதற்கு முன்னால் நடந்தது இது. இப்போதும் சந்தேகம் இருப்பவர்கள் ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் பெரும்பாலும் நீங்கிவிடும், கூடவே ஃபோனின் கால் செட்டிங்ஸிலும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வங்கி மாதிரி நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென்றே 1600 வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். இணையப் பக்கமும் .bank.in என்று முடிந்தால் வங்கிதான், அந்தப் பெயரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

சிவப்பு_சைக்கிள்

.bank.in என்று முடியணும், நடுவில் இருந்தால் போதாது அண்ணா. எனக்கு வந்த ஒரு லிங்கில் bank.in என்று இருந்தது, அதற்குப் பிறகு ஒரு புள்ளி போட்டு வேறு என்னவோ நீளமாக எழுதியிருந்தது. மொபைலில் முகவரிப் பெட்டி சின்னது, முதல் பாதிதான் தெரியும். 1600-ஐ நானும் கேள்விப்பட்டேன், ஆனால் திரையில் காட்டும் எண்ணைப் போலியாக மாற்ற முடியும் என்கிறார்களே, அப்புறம் அதை எப்படி நம்புவது?

பழைய கவுண்டர்

நம்பாதீர்கள். வந்த அழைப்பு எந்த வரிசையாக இருந்தாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்து எண்ணுக்கு நீங்கள் அடியுங்கள்.

வடக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. கவுண்டர் சார் சொன்னபடியே இன்று காலை அப்பாவை உட்காரவைத்துச் செய்தேன். ஓடிபி வந்ததும் முந்தின மெசேஜையும் இதையும் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார், இலக்கங்களைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பாஸ்வேர்டு வைத்தாயிற்று.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். கார்டு எண்ணும் எக்ஸ்பைரியும் அந்த ஆளிடம் இருக்கிறதே, பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை அப்பா சொல்லவில்லை என்கிறார், ஆனால் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. கார்டை பிளாக் செய்து புதிதாக வாங்கணுமா? பென்ஷன் எடுக்க அவருக்கு இது ஒன்றுதான்.

தறிக்காரர்

பிளாக் வேண்டாம் என்பேன். ஆப்பில் கார்டு கண்ட்ரோலுக்குப் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆன்லைன் பயன்பாட்டையும் அணைத்துவிடுங்கள். உள்நாட்டில் ஆன்லைனில் வாங்க ஓடிபி கேட்கும், கேட்காமல் எடுத்துக்கொள்வது வெளிநாட்டுத் தளங்கள்தான். ஏடிஎம் மட்டும் திறந்திருந்தால் அப்பாவுக்குப் போதும்.

பழைய கவுண்டர்

அணைப்பது சரி, இப்போதே செய்யுங்கள். ஆனாலும் நான் புதுக் கார்டு வாங்கச் சொல்வேன். அந்த ஆள் இனி வேறு குரலில், “உங்கள் கார்டு இந்த எண்ணில் முடிகிறதுதானே ஐயா” என்றுதான் பேச்சைத் தொடங்குவான், அப்போது நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா என்பது தெரியாது. கார்டு வரும் வரை கிளையில் பணம் எடுக்கும் படிவத்தில் பென்ஷனை எடுத்துக்கொள்ளலாம், பாஸ்புக்கைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

நிலா_அக்கா

கிளையில் எண் மாற்ற என்னிடம் பழைய சிம் இல்லை என்று எழுதிக் கொடுக்கணுமா, இல்லை சும்மா படிவம் போதுமா?