[உதவி] திருத்துன எழுத்தப் பாத்து வெட்டுனா பேட்டி தப்பான இடத்துல வெட்டுது, அவசரம்

சின்னப்பாலம்_பையன்
வணக்கம். பாசி எடுக்குற ஒரு அம்மாகிட்ட பேட்டி எடுத்தேன். பேச்ச எழுத்தா மாத்தி, மூணு நாளா உக்காந்து தப்பெல்லாம் திருத்தி, அந்த எழுத்தப் பாத்து வெட்டுறேன். வெட்டு வார்த்தைக்கு நடுவுல விழுது. சில இடத்துல அவங்க சொல்லாத வரியே நிக்குது. ஞாயித்துக்கிழமை ஊர்ல போட்டுக் காட்டணும். யாராவது சொல்லுங்க.

மண்டபம்_மைக்
எதுல எழுத்தா மாத்துனீங்க? எதுல வெட்டுறீங்க? எத்தனை நிமிஷம்? போன்ல எடுத்ததா, கேமராவா? இதெல்லாம் தெரியாம என்னத்தச் சொல்ல.

தொண்டி_டிசைன்
எழுத்து கட்டம் கட்டமா வருதா தம்பி? கோப்ப UTF-8-ல சேமிச்சுட்டு, லதா எழுத்துரு போடுங்க. எனக்குச் சரியாயிருச்சு.

மண்டபம்_மைக்
அண்ணே, அவரு கேட்டது அது இல்ல.

வெட்டுமேசை
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வந்துர்றாங்க. காதால வெட்டுன காலத்துல இந்த வியாதியே கிடையாது.

சின்னப்பாலம்_பையன்
மன்னிக்கணும். Whisper, large-v3, லேப்டாப்புலதான். வந்த srt-ய Kdenlive-ல வசனத் தடத்துல போட்டு, அதப் பாத்து வெட்டுறேன். 58 நிமிஷம், அதுல 6 நிமிஷம் வேணும். போன்ல எடுத்தது.

முதுகுளத்தூர்_செந்தில்
போன்னு சொன்னீங்கள்ல, முடிஞ்சுச்சு. போன் வீடியோல ஃப்ரேம் வேகம் சீரா இருக்காது. MediaInfo-ல `Frame rate mode: Variable`-னு காட்டும். மாத்திட்டு வெட்டுங்க:

```
ffmpeg -i petti.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le petti_30.mov
```

நூத்துக்குத் தொண்ணூறு இதான்.

பாம்பன்_அக்கா
செந்தில் சொல்றதுல பாதி சரி. அத எப்படியும் செஞ்சுருங்க. ஆனா அதான் காரணமான்னு பாக்க ஒரு வழி இருக்கு. நாலு இடத்துல உதட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க தம்பி: ரெண்டாவது நிமிஷம், நடுவுல ரெண்டு இடம், கடைசி. விலகல் எங்கயும் ஒரே அளவுன்னா ஆரம்பப் புள்ளி தப்பு. போகப் போகக் கூடுதுன்னா ஃப்ரேம் வேகம். ஒரு இடத்துல கெட்டு, அப்புறம் தானா சரியாகுதுன்னா தப்பு எழுத்துக் கோப்புலதான்.

சின்னப்பாலம்_பையன்
பாத்தேன்க்கா. 2-ஆவது நிமிஷம் சரி. 14 சரி. 17-ல எழுத்து 3 விநாடி முந்திக்குது. 31 திரும்பவும் சரி. 17-ல காத்து அடிச்சு, அந்தம்மா பேச்ச நிறுத்திட்டுப் படகப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பாம்பன்_அக்கா
அப்ப ஃப்ரேம் வேகம் இல்ல. அதுல வந்த விலகல் தானாச் சரியாகாது. Whisper முப்பது முப்பது விநாடியா எடுத்துப் படிக்கும். பேச்சே இல்லாம காத்து மட்டும் கேக்குற இடத்துல சும்மா இருக்காது, முந்தி வந்த வரியவே திருப்பிப் போடும், இல்ல புதுசா ஒண்ணக் கட்டி விடும். சொல்லாத வரி வந்தது அப்படித்தான். அடுத்த வரியோட நேரத்தையும் அந்த மௌனத்துக்குள்ள இழுத்து வச்சிருக்கும். இப்படி ஓட்டுங்க:

```
whisper petti.wav --language ta --model large-v3 --word_timestamps True --condition_on_previous_text False --max_words_per_line 6 --output_format srt
```

வார்த்தைக்கு வார்த்தை நேரம் கணக்குப் போடும், முந்தின வரிய மனசுல வச்சுக்கிட்டுத் திருப்பிச் சொல்றதும் கொறையும். மொத்தமா நிக்காது.

நீங்க திருத்துனதுல ரெண்டு வரி அனுப்புங்க.

சின்னப்பாலம்_பையன்
வந்தது: "கட்சி காத்து அடிச்சா சிங்கிள் டீ பக்கம் போக மாட்டோம்"
திருத்துனது: "கச்சான் காற்று வீசினால் சிங்கில் தீவுப் பக்கம் செல்ல மாட்டோம்"

மூக்கையூர்_கடலாடி
சிங்கிள் டீ 😂 எனக்கு வத்தைய "வார்த்தை"ன்னே போட்டுச்சு, படம் பூராம். காத்த முதல்ல வடிகட்டிட்டு எழுத்தா மாத்துங்க. நம்ம ஊர்ச் சொல்ல எல்லாம் `--initial_prompt`-ல குடுத்துருங்க, தீந்துச்சு.

பாம்பன்_அக்கா
அந்த வரி முதல் முப்பது விநாடிக்குத்தான் பெரிசா உதவும், நான் மேல சொன்னபடி ஓட்டுனா பின்னால வராது. காத்த ரொம்ப வடிகட்டுனா "ச்", "த்" எல்லாம் தேஞ்சு போயி இன்னும் மோசமாப் படிக்கும். லேசா வேணா செய்யலாம்.

தம்பி, உங்க கோளாறு ரெண்டாவது வரிலதான் இருக்கு. கச்சான், சிங்கில் தீவு திருத்துனது சரி. "அடிச்சா"வ "வீசினால்"னு மாத்துனது, "போக"வ "செல்ல"னு மாத்துனது ஏன்? இப்ப எழுத்துல ஒண்ணு இருக்கு, காதுல ஒண்ணு இருக்கு. வரிகளச் சேத்தீங்களா?

சின்னப்பாலம்_பையன்
ஆமாக்கா, வாக்கியம் முழுசா இருக்கணும்னு ரெண்டு மூணு வரிய ஒண்ணாக்கி, நேரத்த குத்துமதிப்பாப் போட்டேன்.

வெட்டுமேசை
குத்துமதிப்பா! வெட்டுறதுக்கான எழுத்து வேற, திரையில போடுற எழுத்து வேறன்னு கூடத் தெரியாம மூணு நாள வீணாக்கிருக்கீங்க. 6 நிமிஷத்துக்காக 58 நிமிஷத்தையும் திருத்தச் சொன்னது யாரு?

முதுகுளத்தூர்_செந்தில்
அதட்டாம சொல்லலாமே சார். எல்லாரும் எடிட்டரா பொறந்தாங்களா.

கீழக்கரை_வாசகி
எனக்கு வெட்டு பத்தித் தெரியாது, ஆனா "போக மாட்டோம்"ங்கிறத "செல்ல மாட்டோம்"னு மாத்துறது அந்தம்மா வாயில வேற ஆளோட நாக்க வைக்கிற மாதிரி. திரையிலயும் அவங்க சொன்னதையே போடுங்க.

தொண்டி_டிசைன்
அப்ப மதுரைக்காரன் படிப்பானா? எழுத்துத் தமிழ்னா எல்லாருக்கும் புரியும்.

கீழக்கரை_வாசகி
"அடிச்சா" மதுரைக்குப் புரியாதாக்கும்?

தொண்டி_டிசைன்
"கச்சான்" புரியாதும்மா.

கீழக்கரை_வாசகி
அப்ப அடைப்புக்குள்ள மேல்காத்துன்னு போடுங்க. நாக்க மாத்தாதீங்க.

மூக்கையூர்_கடலாடி
எங்க பக்கம் கச்சான்னா தென்மேற்குல இருந்து வர்றதையும் சொல்லுவோம். வெறும் மேல்காத்துன்னு போட்டா கடலுக்குப் போறவன் சிரிப்பான்.

பாம்பன்_அக்கா
இந்தச் சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, புதுசா ஓட்டுன கோப்புல ஒண்ணையும் திருத்தாம முதல்ல படிங்க, தேடுறதுக்கு அது போதும். வேணுங்கிற துண்டுகளக் குறிச்சுக்கங்க. அந்தத் துண்டுகள மட்டும் கேட்டு, சொன்னது சொன்னபடி திருத்துங்க. "அது வந்து வந்து"ன்னு இழுத்திருந்தா அதையும் எழுதுங்க. Whisper அத முழுங்கிரும், எழுத்துல இல்லாததால நீங்களும் பாக்காம விட்டுருவீங்க. நேரத்தத் தொடவே வேணாம். வெட்டும்போது ரெண்டு பக்கமும் 10, 12 ஃப்ரேம் விட்டு, அலை வடிவத்தப் பாத்து இழுங்க.

வரியோட கடைசிதான் முக்கியம். நம்ம பேச்சுல இல்லைங்கிறது வால்ல தொங்கும், அதுவும் சத்தம் இறங்குற இடத்துல. தீவு பத்தி அந்தம்மா ஏதும் சொல்லிருக்காங்களா?

சின்னப்பாலம்_பையன்
"தீவுக்குள்ள நாங்க எறங்குறதில்ல, ஓரத்துல முங்கித்தான் எடுப்போம்"

பாம்பன்_அக்கா
நீங்க வெட்டி வச்சத இப்பக் கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க.

சின்னப்பாலம்_பையன்
அக்கா. "எறங்குறது"ன்னு நிக்குது. "ல்ல" போச்சு.

பாம்பன்_அக்கா
அது தேசியப் பூங்காத் தீவு. அந்தத் துண்டு வெளிய போயிருந்தா அவங்க வாயாலயே உள்ள எறங்குறோம்னு சொன்ன மாதிரி ஆயிருக்கும். எழுத்துல முழு வரியும் இருக்குறதால உங்க கண்ணு அத நிரப்பிக்கிச்சு.

முதுகுளத்தூர்_செந்தில்
இருந்தாலும் ஃப்ரேம் வேகத்த மாத்திருங்க தம்பி 🙂

சின்னப்பாலம்_பையன்
(திங்கக்கிழமை) போட்டாச்சு. 5 நிமிஷம் 40 விநாடி வந்துச்சு. புது கோப்புல 17-ஆவது நிமிஷம் சரியா உக்காந்துச்சு, ஒரு இடத்துல மட்டும் சொல்லாத வரி இன்னும் இருக்கு, அது ஏன்னு தெரியல, அந்தத் துண்டையே எடுக்கல. "ல்ல" இருக்கு. கச்சானுக்குக் கீழ ஒண்ணும் போடல, யாரும் கேக்கல. நன்றிக்கா.

தொண்டி_டிசைன்
எந்த எழுத்துரு போட்டீங்க?