50 டிகிரி சூட்டில் 7.5 கிலோவாட் மோட்டார் தாங்குமா?

வணக்கம் அண்ணன்மாரே. பினாங்கில் மீ தொழிற்சாலை. நீராவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார். விசிறி மூடியருகே தெர்மாமீட்டர் 50 டிகிரி காட்டுகிறது. பெயர்ப்பலகைத் திறனோ 40 டிகிரி, 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். உயரம் பிரச்சினையே இல்லை, பினாங்கு மலை உச்சிகூட 1000 மீட்டரைத் தொடாது. சூடுதான் இடிக்கிறது. தயாரிப்பாளர் அட்டவணைப்படி 0.9-ஆல் பெருக்கினால் 6.75 கிலோவாட், எங்கள் சுமை 7.

மோட்டார் சுருளின் காப்பு எஃப் வகுப்பு, வெப்ப உயர்வு பி வகுப்பு அளவுதான். அந்த மிச்சத்தை நம்பி ஓட்டலாமா, 11 கிலோவாட்டுக்குப் போகணுமா?

அப்புறம், இரவில் ஹோஸ் அடித்துக் கழுவுகிறார்கள். இப்போது இருப்பது ஐபி55. காலையில் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். இது ஹோஸ் தண்ணீரா, ஆவி குளிர்ந்ததா? ஆவி என்றால் ஐபி66 மட்டும் போதாது, வடிகால் துளையும் வேண்டும் என்று நினைக்கிறேன். சரிதானா?